மதுரை வெயிலில் கம்ப்யூட்டர் சூடு: எந்த அளவு வரை சரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூடு, ஸ்பீடு, ஃபேன் மூணையும் பார்க்க எந்த சாஃப்ட்வேர் போடணும்? காசு கட்டணுமா?

விண்டோஸ் என்றால் HWiNFO64 ஒன்றே போதும். சொந்த உபயோகத்துக்கு இலவசம். இன்ஸ்டால் செய்யாமல் அப்படியே திறக்கும் போர்ட்டபிள் வடிவமும் உண்டு. திறக்கும்போது வரும் சின்னப் பெட்டியில் Sensors-only என்பதை டிக் செய்து Start கொடுங்கள். மற்ற விவரப் பக்கங்கள் எதுவும் வராமல் நேராக அளவுகள் உள்ள பட்டியல் திறக்கும்.

இதே வேலையைச் செய்யும் LibreHardwareMonitor, HWMonitor இரண்டும் நல்லவைதான். ஆனால் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஃபேன், போர்டு சூடு ஆகியவற்றை அளப்பது மதர்போர்டில் உள்ள ஒரே சிப். இரண்டு மென்பொருள்கள் ஒரே சமயத்தில் அதைக் கேட்டால் ஃபேன் திடீரென 0 காட்டும், சூடு ஒரு நொடி எகிறிக் காட்டும். பார்ப்பவர் பதறிப்போய் நன்றாக ஓடும் ஃபேனைக் கழற்றிக்கொண்டிருப்பார்.

விண்டோஸின் Task Manager பிராசஸரின் வேகத்தைக் காட்டும், கிராபிக்ஸ் கார்டின் சூட்டையும் காட்டும். பிராசஸரின் சூட்டைக் காட்டாது. அதனால் அது மட்டும் போதாது.

எதையும் அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். பழைய பதிப்பு LibreHardwareMonitor போட்டிருந்தால் விண்டோஸ் டிஃபெண்டர் WinRing0 என்ற டிரைவரைப் பிடித்து எச்சரிக்கலாம். அது அந்தப் பழைய டிரைவரில் இருக்கும் பாதுகாப்பு ஓட்டைக்காக வரும் எச்சரிக்கை. டிஃபெண்டரை அணைத்துவிட்டு ஓட்ட வேண்டாம், புதிய பதிப்புக்கு மாறுங்கள்.

திறந்தா நூறு நூத்தம்பது வரி வருதே, எதைப் பார்க்கிறது?

ஆறு வரி போதும். இன்டெல் பிராசஸரில் சூட்டுக்கு CPU Package, ஏஎம்டியில் CPU (Tctl/Tdie). மின்சாரச் செலவுக்கு CPU Package Power. வேகத்துக்கு Core Clocks, அதோடு Core Effective Clocks. சூட்டால் வேகம் குறைக்கப்பட்டதா என்பதை இன்டெல்லில் Core Thermal Throttling என்ற வரி Yes அல்லது No என்று நேரடியாகவே சொல்லிவிடும். கடைசியாக, மதர்போர்டின் பெயர் போட்ட பகுதியில் CPU என்று இருக்கும் ஃபேன் வரி, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்லும் ஆர்பிஎம் கணக்கில்.

ஒவ்வொரு வரிக்கும் Current, Minimum, Maximum, Average என நான்கு கட்டங்கள் இருக்கும். சூட்டைப் பொறுத்தவரை Current-ஐ உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வேலையை ஆரம்பிக்கும் முன் கீழே உள்ள கடிகாரப் படத்தை அழுத்தினால் பழைய பதிவுகள் அழிந்து புதிதாகத் தொடங்கும். வேலை முடிந்ததும் Maximum, Average இரண்டையும் பாருங்கள். Maximum ஒரு நொடி தொட்டுவிட்டுப் போனதாக இருக்கலாம். Average-தான் நிலையாக இருந்த அளவுக்கு அருகில் வரும்.

யூடியூப்ல 70-க்கு மேல போகவே கூடாதுங்கிறாங்க. எனக்கு ரெண்டர் போட்டா 86 வருது. பிராசஸர் போயிருமா?

போகாது. அந்த 70 எந்த ஊரில், எந்த அறையில் அளந்தது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான விமர்சனங்கள் 20 முதல் 25 டிகிரி அறையில் சோதிக்கப்படுகின்றன. மதுரையில் சித்திரை, வைகாசி மதியத்தில் ஏசி இல்லாத அறை 36, 37 டிகிரியில் இருப்பது சாதாரணம். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள மாடி அறையாக இருந்தால், கான்கிரீட் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு வரை விட்டுக்கொண்டிருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கும் அந்த அறை இறங்கியிருக்காது.

பிராசஸரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க்கும் அதன் மேல் உள்ள ஃபேனும் அறைக் காற்றைவிடக் குளிராக எதையும் ஆக்க முடியாது. அதே வேலை, அதே ஃபேன் வேகம் என்றால் பிராசஸர் எப்போதும் அறைச் சூட்டைவிட ஏறக்குறைய அதே டிகிரி அதிகமாக நிற்கும். அறை 24-ல் இருக்கும்போது 74 காட்டிய கம்ப்யூட்டர், அறை 36-க்குப் போனால் 86 காட்டும். கூடுதல் இரண்டிலும் 50-தான். கம்ப்யூட்டரில் எதுவும் கெடவில்லை.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒரு சின்ன டிஜிட்டல் அறை வெப்பமானி. கேபினட்டுக்குள் காற்று நுழையும் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். கேபினட்டுக்குப் பின்னால் வைத்தால் வெளியே தள்ளும் சூடான காற்றைத்தான் அளக்கும். போனில் வரும் வானிலை எண் வெளியில் நிழலில் அளந்தது, உங்கள் அறைக்கு அது பொருந்தாது.

மென்பொருள் காட்டும் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழியுங்கள். வரும் வித்தியாசத்தைத்தான் போன மாதத்தோடும் நண்பரின் கம்ப்யூட்டரோடும் ஒப்பிட வேண்டும்.

சரி, அப்போ எது வரைக்கும் பயமில்லை?

ஒவ்வொரு பிராசஸருக்கும் தயாரித்தவரே ஒரு உச்ச வரம்பு வைத்திருக்கிறார். i5-12400 போன்ற இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு அது 100 டிகிரி. Ryzen 5 5600-க்கு 90, 5600G-க்கு 95. Ryzen 7000 வரிசையில் 7700X, 7950X போன்ற மாடல்கள் 95 டிகிரி வரை தானாகவே ஏறி அங்கேயே நின்று ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் முழு லோடில் 95 என்பது கோளாறு அல்ல. வரம்பைத் தொட்டதும் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் மீறிப் போனால் தானாக அணைந்துவிடும். எரிந்து போவதற்கு முன் இந்த இரண்டு தடுப்புகள் இருக்கின்றன.

நம் ஊர் அறைச் சூட்டில் ஏசி இல்லாமல் ஓடும் டெஸ்க்டாப்புக்கு எங்கள் கணிப்பு இது: சும்மா இருக்கும்போது 40 முதல் 55 வரை, டைப்பிங், பில்லிங், பிரவுசிங் வேலையில் 50 முதல் 70 வரை, முழு லோடில் வரம்புக்கு 8, 10 டிகிரி கீழே. இன்டெல் என்றால் 90 வரை நிம்மதியாக விடலாம். 90-க்கும் 100-க்கும் நடுவே நின்றால் உடனே ஆபத்தில்லை, ஆனால் கோடைக்கு இடம் மிச்சமில்லை என்று அர்த்தம். மார்கழியிலேயே 92 வந்தால் சித்திரையில் கட்டாயம் வரம்பைத் தொடும்.

கிராபிக்ஸ் கார்டில் GPU Temperature 83 வரை கவலையில்லை. GPU Hot Spot என்ற வரி அதைவிட 10, 15 டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். அந்த இடைவெளி 25-ஐத் தாண்டினால் சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவியிருக்கும் பேஸ்ட் சரியில்லை என்று சந்தேகப்படலாம். என்விஎம்இ எஸ்எஸ்டி 70-க்குள், பழைய ஹார்டு டிஸ்க் 50-க்குள் இருக்கட்டும். இங்கே மே மாதத்தில் ஹார்டு டிஸ்க் 43, 44 காட்டுவது இயல்பு.

கிளாக் ஸ்பீடு நிலையா நிக்கவே மாட்டேங்குது. ஒரு நொடி 4.4, அடுத்த நொடி 1.2. போர்டு கோளாறா?

இல்லை. வேலை இல்லாதபோது வேகத்தைக் குறைப்பதும், வேலை வந்ததும் ஏற்றுவதும் பிராசஸரின் இயல்பான நடத்தை. Core Clocks என்பது கோர் விழித்திருக்கும் நொடியில் இருந்த வேகம். Core Effective Clocks என்பது தூங்கிய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட வேகம். சும்மா இருக்கும்போது முதல் வரி 4 கிகாஹெர்ட்ஸ்கூடக் காட்டலாம், இரண்டாவது 100 மெகாஹெர்ட்ஸ்கூட வராது. இரண்டும் உண்மைதான்.

முழு லோடில்தான் வேகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதிலும் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை எதிர்பார்க்கக் கூடாது. i5-12400-ல் 4.4 என்பது ஒன்றிரண்டு கோர் மட்டும் வேலை செய்யும்போது கிடைப்பது. ஆறு கோரும் சேர்ந்து ஓடினால் 4.0-தான். பெட்டியில் இருக்கும் இன்னொரு எண்ணான 2.5, அடிப்படை வேகம்.

4.0-க்குக் கீழே இறங்கினாலும் உடனே சூடு என்று முடிவு கட்டாதீர்கள். இறக்குபவர்கள் இரண்டு பேர். சூடு ஒன்று, மின்சார வரம்பு இன்னொன்று. சில போர்டுகளில் இந்தப் பிராசஸருக்கு நிரந்தர வரம்பு 65 வாட் என்று வைத்திருப்பார்கள். ரெண்டர் தொடங்கிய அரை நிமிடம் 4.0-ல் ஓடும், பிறகு CPU Package Power 65-க்கு இறங்கி அங்கேயே ஒட்டிக்கொள்ளும், வேகமும் கொஞ்சம் குறையும். அப்போது சூடு 80-தான் இருக்கும், Core Thermal Throttling-ல் No என்றிருக்கும், Power Limit Exceeded என்று முடியும் வரியில் Yes வரும். இதற்கு ஃபேனை மாற்றினாலும் பேஸ்ட் போட்டாலும் ஒரு பயனும் இல்லை. சூடு 100-ல் ஒட்டிக்கொண்டு, வாட் அதற்கேற்ப இறங்கினால் மட்டுமே அது சூட்டின் வேலை.

கல்யாண வீடியோ ரெண்டர் முன்னாடி 40 நிமிஷத்துல முடியும், இப்போ 50 ஆகுது. ஃபேனும் கத்துது. எங்கே தப்புன்னு நானே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்வியை முழுதாகக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். i5-12400, பெட்டியோடு வந்த இன்டெல் ஃபேன், ரெண்டர் முழுக்கப் பிராசஸரிலேயே நடக்கிறது, மதிய நேரம், அறை 37 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

HWiNFO64-ஐத் திறந்து, கடிகாரத்தை அழுத்தி, வழக்கமான அதே ப்ராஜெக்டை ரெண்டருக்கு விடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் CPU Package 100, Core Thermal Throttling Yes, ஃபேன் முழு வேகத்தில், Core Clocks 3.2-லிருந்து 3.3, CPU Package Power 48 வாட். இந்தப் பிராசஸர் வரம்பில்லாமல் ஓடினால் இதே வேலைக்கு 74 வாட் அளவில் எடுத்துக்கொண்டு 4.0-ல் நிற்க வேண்டும். 4.0 இருக்க வேண்டிய இடத்தில் 3.25 இருந்தால் 40 நிமிட வேலை 49, 50 நிமிடம் ஆகும். கேள்வியில் உள்ள பத்து நிமிடம் அங்கேதான் போகிறது.

அடுத்த கணக்குதான் முக்கியமானது. சூட்டிலிருந்து அறையைக் கழித்து வாட்டால் வகுங்கள். 100-லிருந்து 37 போனால் 63. அதை 48-ஆல் வகுத்தால் 1.3. அதாவது ஒரு வாட்டுக்கு 1.3 டிகிரி ஏறுகிறது. இன்டெல் பெட்டி ஃபேன் சுத்தமாக, சரியாக உட்கார்ந்திருந்தால் முழு வேகத்தில் வாட்டுக்கு 0.7 டிகிரி அளவில் வர வேண்டும். அறைச் சூடும் வேலையின் கனமும் இந்த எண்ணில் கழிந்துவிடுவதால், தை மாதம் எடுத்ததையும் சித்திரையில் எடுத்ததையும் நேராக ஒப்பிடலாம். ஃபேன் முழு வேகத்தில் இருக்கும்போது எடுத்ததாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

1.3 என்றால் குளிர்விக்கும் வேலை பாதிதான் நடக்கிறது. தடை கேபினட்டிலா, கூலரிலா? ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள். உள்ளே கை விட வேண்டாம். வாட் 48-லிருந்து 70-க்கு ஏறி வேகமும் திரும்பிவிட்டால், கேபினட்டுக்குள் காற்றோட்டம் இல்லை என்பதுதான் நோய். முன்பக்க வலை அடைத்திருக்கும், அல்லது டேபிளின் மரப்பெட்டிக்குள் கேபினட்டை நுழைத்து வைத்திருப்பீர்கள். நம் கணக்கில் அப்படி ஆகவில்லை, 48 வெறும் 52 ஆனது. சூடு 100-லேயே நிற்கிறது. வாட்டுக்கு 1.2. அப்படியென்றால் கோளாறு கூலரில்.

கூலரில் தூசியா, ஒட்டுதல் சரியில்லையா என்பதைச் சூடு ஏறும் விதம் காட்டிக்கொடுக்கும். ரெண்டரை நிறுத்தி ஐந்து நிமிடம் ஆற விட்டு, மறுபடி தொடங்கும்போது CPU Package வரியை மட்டும் பாருங்கள். 55-லிருந்து இரண்டு மூன்று நொடியில் 95-க்குப் பாய்ந்தால், பிராசஸரின் சூடு ஹீட்சிங்க்குக்கே போய்ச் சேரவில்லை. கூலர் தூக்கிக்கொண்டிருக்கிறது அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது. 75-க்குத் தாவி, அங்கிருந்து ஐந்து பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல 100-ஐத் தொட்டால், சூடு ஹீட்சிங்க்குக்கு வந்துவிட்டது, அங்கிருந்து காற்று அதை எடுத்துப் போகவில்லை. அது தூசி.

இங்கே பாய்ந்தது. அணைத்து, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தால், இன்டெல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று போர்டிலிருந்து மேலே எழும்பியிருக்கும். இந்த வகைக் கூலரில் இது அடிக்கடி நடப்பது, கேபினட்டைப் படுக்க வைத்து வண்டியில் கொண்டுபோய் வந்தபின் குறிப்பாக. ஊசியை அழுத்தி மட்டும் விடாதீர்கள், தூக்கிக்கொண்டதால் பேஸ்ட்டுக்குள் காற்று புகுந்திருக்கும். கூலரைக் கழற்றி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, பிராசஸரின் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலை ஊசிகளாக அழுத்துங்கள். ஒவ்வொன்றும் டக்கென்று சத்தம் தர வேண்டும். போர்டின் அடிப்பக்கம் நான்கு ஊசியின் கருப்பு நுனியும் வெளியே தெரிகிறதா என்று பார்த்தால் சந்தேகமே இருக்காது.

கழற்றியிருக்கும்போதே ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே பாருங்கள். மேலூர் பக்கம் கிரானைட் பட்டறை அருகே உள்ள கடைகளில் கல் தூள் மாவு மாதிரி படிந்திருக்கும். தெருவைப் பார்த்த கடைகளில் நூலும் தூசியும் சேர்ந்து மெத்தையாக இருக்கும். பிளோயரில் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பிடிக்காமல் ஊதினால் அது தன் வேகத்தைவிட வேகமாகச் சுற்றி பேரிங் கெடும்.

திரும்ப மாட்டி அதே மதியம் அதே ரெண்டர். CPU Package 90, 74 வாட், 4.0 கிகாஹெர்ட்ஸ், Thermal Throttling No. 90-லிருந்து 37 போனால் 53, 74-ஆல் வகுத்தால் 0.72. சரியாகிவிட்டது. மென்பொருள் காட்டும் சூடு பத்து டிகிரிதான் குறைந்திருக்கிறது, ஆனால் கூலர் வெளியேற்றும் சூடு 48 வாட்டிலிருந்து 74 வாட்டாக ஏறியிருக்கிறது. 100 என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. இந்த 0.72-ஐத் தேதியோடு கேபினட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். 0.85, 0.9 என்று நகரத் தொடங்கும்போது சுத்தம் செய்தால் போதும், மாதக் கணக்கு வேண்டாம்.

ஃபேன் 0 ஆர்பிஎம்னு காட்டுது. ஆனா கண்ணால பார்த்தா சுத்துதே?

வேகத்தைச் சொல்லும் கம்பி போர்டுக்கு வரவில்லை. ஃபேன் வயரில் மூன்றாவது கம்பிதான் சுற்று எண்ணிக்கையைத் திருப்பிச் சொல்வது. கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து நேராக இரண்டு கம்பியில் ஓடும் கேபினட் ஃபேனுக்கு அந்த எண் வராது, அது கோளாறு இல்லை. கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் 0 காட்டுவதும் பெரும்பாலும் இயல்பே. 50, 55 டிகிரி வரை நின்றபடி இருந்து பிறகு சுற்றத் தொடங்கும் கார்டுகள் நிறைய.

பிராசஸர் ஃபேன் 0 காட்டினால் மட்டும் விடக்கூடாது. அது CPU_FAN என்று எழுதிய பின்னில் மாட்டியிருக்கிறதா பாருங்கள். வேறு பின்னில் இருந்தால் ஆன் செய்யும்போதே CPU Fan Error என்று நிற்கும் போர்டுகள் உண்டு. பின் சரியாக இருந்தும் எண் தாவித் தாவி வந்தால், 1800, 600, 1500 என்று, பேரிங் தேய்ந்துவிட்டது. அணைத்துவிட்டு விரலால் சுற்றினால் கரகரப்பு தெரியும்.

ஒரு வரியில 127 டிகிரின்னு சிவப்பா காட்டுது. அணைச்சிடவா?

வேண்டாம். AUXTIN போன்ற பெயரில் இருக்கும் வரியா என்று பாருங்கள். அளக்கும் சிப்பில் பல வாய்கள் இருக்கும், போர்டு தயாரித்தவர் சிலவற்றில் எதையுமே இணைத்திருக்க மாட்டார். அந்த வெறும் வாய்கள் 127 அல்லது மைனஸ் கணக்கு என்று காட்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்த முதல் நிமிடத்திலும் அதே எண், இரண்டு மணி நேரம் கழித்தும் அதே எண் என்றால் அது பொய். உண்மையான சென்சார் வேலைக்கேற்ப அசையும். அந்த வரியில் வலது பட்டனை அழுத்தி மறைத்துவிடலாம்.

லேப்டாப்ல 95 வருது. அதுக்கும் இதே கணக்குதானா?

வித்தியாசம் பார்க்கும் முறை அதேதான், எதிர்பார்ப்பு வேறு. மெல்லிய உடம்பில் சின்ன ஹீட்சிங்க் என்பதால் முழு லோடில் 95-ஐத் தொட்டு, வாட்டைக் குறைத்து, அங்கேயே சமாளிப்பதுதான் பல லேப்டாப்களின் வடிவமைப்பு. பிரவுசிங்கிலேயே 85 தாண்டினால்தான் திறந்து பார்க்க வேண்டும். மெத்தை மேல் வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளை மூடிக்கொள்ளும். பலகை மேல் வைத்து, பின்பக்கத்தை இரண்டு விரல் உயரம் தூக்கிக் கொடுத்து மறுபடி அளந்து பாருங்கள். நிறைய லேப்டாப்களில் ஃபேன் வேகம் HWiNFO64-ல் வரவே வராது. அந்தத் தகவலைத் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளுக்கு மட்டும் கொடுத்திருப்பார்கள்.

உபுண்டு போட்டிருக்கேன். அதுல என்ன செய்யணும்?

டெர்மினலில் இந்த மூன்று வரி. இரண்டாவது கட்டளை கேட்கும் கேள்விகளுக்கு என்டர் மட்டும் தட்டினால் போதும்.

```
sudo apt install lm-sensors
sudo sensors-detect
watch -n 2 sensors
```

இன்டெல்லில் Package id 0, ஏஎம்டியில் Tctl, என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு Composite என்ற வரிகளைப் பாருங்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கும். வேகத்துக்கு:

```
grep MHz /proc/cpuinfo
```

இன்டெல்லில் சூட்டால் எத்தனை முறை வேகம் குறைக்கப்பட்டது என்று கெர்னலே எண்ணி வைத்திருக்கும். ரெண்டருக்கு முன்னும் பின்னும் இதை ஓட்டிப் பாருங்கள். எண் ஏறியிருந்தால் வரம்பைத் தொட்டிருக்கிறது.

```
cat /sys/devices/system/cpu/cpu0/thermal_throttle/package_throttle_count
```

வேலை பார்க்கும்போதே படக்குன்னு ஆஃப் ஆகுது. சூடுதான் காரணம்னு கடையில சொல்றாங்க. நம்பலாமா?

பதிவு எடுத்துவிட்டு நம்புங்கள். HWiNFO64-ன் சென்சார் ஜன்னலின் கீழே தாள் படத்தில் கூட்டல் குறி போட்ட பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் எங்கே சேமிக்க வேண்டும் என்று கேட்டு, எல்லா வரிகளையும் இரண்டு நொடிக்கு ஒருமுறை ஒரு சிஎஸ்வி கோப்பில் எழுதத் தொடங்கும். வழக்கம்போல வேலை செய்யுங்கள். அணைந்தபின் மறுபடி ஆன் செய்து அந்தக் கோப்பை எக்செலில் திறந்து கடைசிப் பத்து வரிகளைப் பாருங்கள்.

சூடுதான் காரணம் என்றால் அது சொல்லிவிட்டுத்தான் வரும். பல நிமிடங்களாக 100 டிகிரி, Throttling Yes, வேகம் இறங்கிக்கொண்டே வருவது என்று பதிவில் தெளிவாக இருக்கும். ஃபேன் வரி 0-ஆகியிருந்தால் காரணமும் அதிலேயே கிடைத்துவிடும். மாறாகக் கடைசி வரியில் 68 டிகிரி, ஃபேன் சரியான வேகம் என்று இருந்து அத்தோடு கோப்பு நின்றுபோயிருந்தால், பேஸ்ட் போட்டுக் காசு செலவழிக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் பேட்டரி, சுவர் பிளக் இந்த மூன்றையும் அந்த வரிசையில் சோதியுங்கள். பதிவின் கடைசிச் சில வரிகளில் கிராபிக்ஸ் கார்டின் GPU Power திடீரென ஏறியிருந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் சூட்டைச் சாதாரண மாடல்கள் எந்த மென்பொருளுக்கும் சொல்வதில்லை. அதன் பின்பக்கத் துளையில் காற்று வருகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.